எட்டில் செவ்வாய், எந்தக் கடிகாரத்தில்?

கல்லடியில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஒரு நாள் இரவு போன் எடுத்தாள். "தம்பி, புள்ளைக்கு எட்டில செவ்வாயாம். குறிப்பைத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. தாய்வழிக் குடி பார்த்தாயிற்று, பொருந்துகிறது. மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. பெடியனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பிடித்துத்தான் இருந்தார்கள். எல்லாம் ஒரு சொல்லில் நின்றுபோனது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கலியாணப் பேச்சில் "எட்டில் செவ்வாய்" என்ற சொல் விழுந்தால் அதோடு வாய் மூடிவிடும். ஏன், எப்படி என்று யாரும் கேட்பதில்லை. நான் இருபது வருடமாகச் சாதகக் குறிப்புப் பார்த்துப் பழகியவன். எனக்குத் தெரிந்தவரை அந்தச் சொல் ஒரு கணக்கின் முதல் வரிதான். மிச்சக் கணக்கை முடிக்காமல் விடையை வாசிப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பிழை. என் அக்காவின் மகள் விஷயத்தில் அந்த முதல் வரியே பிழையாக இருந்தது. எப்படி என்பதைத்தான் எழுதப்போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் குற்றம் என்றால் என்ன என்று பார்ப்போம். பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசிதான் லக்னம். அதை ஒன்று என்று வைத்து எண்ணி வரும்போது 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து வீடுகளில் ஒன்றில் செவ்வாய் இருந்தால் அதைச் செவ்வாய்க் குற்றம் என்கிறார்கள். பழைய சுலோகம் ஒன்று இந்த ஐந்து வீட்டையும் வரிசையாகச் சொல்லி, பெண்ணுக்கு இருந்தால் கணவனுக்கும், ஆணுக்கு இருந்தால் மனைவிக்கும் ஆகாது என்று கடுமையாக முடிக்கிறது. அந்த முடிவுதான் ஊரில் பரவியது. ஏன் இந்த ஐந்து வீடு என்ற கேள்வி பரவவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் செவ்வாயின் பார்வையில் இருக்கிறது. மற்றக் கிரகங்கள் போலச் செவ்வாயும் தான் நிற்கும் இடத்திலிருந்து ஏழாம் வீட்டைப் பார்க்கும். அதோடு நாலாம் வீட்டையும் எட்டாம் வீட்டையும் பார்க்கும். இப்போது எண்ணிப் பாருங்கள். நாலில் நிற்கும் செவ்வாய் தன் நாலாம் பார்வையால் ஏழைப் பார்க்கிறது. பன்னிரண்டில் நிற்பது எட்டாம் பார்வையால் அதே ஏழைப் பார்க்கிறது. இரண்டில் நிற்பது எட்டைப் பார்க்கிறது, எட்டில் நிற்பது இரண்டைப் பார்க்கிறது. ஏழில் நிற்பது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஏழு துணையின் வீடு. எட்டு, பெண்ணின் குறிப்பில் மாங்கல்யத்தின் வீடு. இரண்டு குடும்பமும் வாக்கும். ஆக, சூடும் அவசரமும் சண்டைக் குணமும் கொண்டது என்று சொல்லப்படும் ஒரு கிரகம், கலியாண வாழ்க்கையைக் குறிக்கும் வீடுகளைத் தொடுகிறது. சொல்ல வந்தது அவ்வளவுதான். லக்னத்தில் நிற்கும் செவ்வாயும் ஏழைப் பார்க்கும். அதனால் வட இந்தியாவில் ஒன்றாம் வீட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஒரே குறிப்பு ஓர் ஊரில் குற்றமாகவும் இன்னோர் ஊரில் சுத்தமாகவும் இருக்கலாம் என்பதை இங்கேயே கவனித்துவிடுவது நல்லது.

அடுத்தது, இது எத்தனை பேருக்கு இருக்கும்? செவ்வாய் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை மாதம் எடுக்கும். வக்கிரமாகிப் பின்னோக்கி நகர்ந்தால் அதே ராசியில் ஆறு மாதத்துக்கு மேலும் நிற்கும். லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு ராசி மாறும். ஆகவே ஒரு நாள் முழுக்கச் செவ்வாய் ஒரே ராசியில்தான் நிற்கிறது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு லக்னங்களும் ஒரு முறை வந்து போகின்றன. அதில் ஐந்து லக்னத்துக்குக் குற்றம். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் பத்து மணித்தியாலம். ஒரு பிரசவ விடுதியில் ஒரு நாளில் பன்னிரண்டு பிள்ளை பிறந்தால் ஐந்து பிள்ளை "செவ்வாய்க் குற்றம்" என்ற பெயரோடுதான் வீட்டுக்குப் போகும். பல சாத்திரிமார் லக்னத்தோடு நிற்காமல் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுவார்கள். மூன்றிலும் தப்ப வேண்டும் என்றால், பன்னிரண்டில் ஏழு என்ற வாய்ப்பு மூன்று தடவை அடுத்தடுத்து வாய்க்க வேண்டும். அப்படி முழுதாகத் தப்புகிறவர்கள் நூற்றுக்கு இருபது பேர்தான். மற்ற எண்பது பேருக்கும் எங்கேயோ ஓர் இடத்தில் குற்றம் இருக்கும்.

நூற்றில் எண்பது பேருக்கு இருக்கும் ஒன்றை வைத்து யாரையும் ஒதுக்க முடியாது. பழைய ஆட்களுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் லக்னத்தில் இருந்து வருவதை முழுக் குற்றம் என்றும், சந்திரனிலிருந்து வருவதை அதில் குறைந்தது என்றும், சுக்கிரனிலிருந்து வருவதை இன்னும் குறைந்தது என்றும் வைத்தார்கள். குற்றத்தை நீக்கும் நிவர்த்தி விதிகள் இவ்வளவு நீளமாக இருப்பதற்கும் காரணம் அதுதான். நிவர்த்தி என்றால் ஏதோ விலக்கு, சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த விதிகளையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகிறது.

நல்ல சாத்திரியார் ஒருவர் அந்தக் கணக்கை எப்படிச் செய்வார்? முதலில் செவ்வாய் நிற்கும் ராசியைப் பார்ப்பார். மேஷமும் விருச்சிகமும் செவ்வாயின் சொந்த வீடு. மகரம் உச்ச வீடு. அங்கே நின்றால் குற்றம் இல்லை. சிம்மத்திலும் கும்பத்திலும் நின்றால் இல்லை என்பதும் நம் பக்கத்தில் நன்றாக ஊறிய விதி. அதற்கு மேல் வீட்டுக்கும் ராசிக்கும் சோடி உண்டு. இரண்டாம் வீடு மிதுனமோ கன்னியோ ஆனால் இல்லை. பன்னிரண்டாம் வீடு ரிஷபமோ துலாமோ ஆனால் இல்லை. ஏழுக்குக் கடகமும் மகரமும், எட்டுக்குத் தனுசும் மீனமும் அப்படியே. பிறகு லக்னத்தைப் பார்ப்பார். கடக லக்னத்துக்கும் சிம்ம லக்னத்துக்கும் செவ்வாய் யோகம் தரும் கிரகம், எங்கே நின்றாலும் கெடுதல் செய்யாது என்பது விதி. அதன் பிறகு குரு சேர்ந்திருக்கிறதா, குருவின் பார்வை படுகிறதா என்று பார்ப்பார். கடைசியாகத்தான் மாப்பிள்ளையின் குறிப்பை எடுப்பார். அவருக்கும் அதே அளவு குற்றம் இருந்தால் சமம் என்று சேர்ப்பார்.

நடப்பில் இது தலைகீழாக நடக்கிறது. முதலே "அங்கேயும் செவ்வாய் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் "8இல் செவ்வாய்" என்று போட்டு, கிரகபாவம் இத்தனை என்று ஓர் எண்ணும் போடுகிறார்கள். பாவக் கிரகங்கள் நிற்கும் இடத்தைக் கூட்டி வரும் எண் அது. கூட்டும் முறை ஆளுக்கு ஆள் வேறு. நிவர்த்தி பார்த்துக் கூட்டியதா, பாராமல் கூட்டியதா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிவர்த்தியான செவ்வாய்க்கு நிவர்த்தி ஆகாத செவ்வாயைத் தேடிப் பிடித்துச் சோடி சேர்த்துவிட்டு, சமம் என்று திருப்திப்படுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். விதிப்படி பார்த்தால் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குற்றத்தைத் தாங்களே கொண்டுவந்து வைத்த மாதிரிதான் அது.

சரி, என் அக்காவின் மகளுக்கு வருவோம். பிறந்தது 1999 ஜூலை 10, சனிக்கிழமை. மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரி. கிளினிக் கொப்பியில் அக்கா தன் கையால் எழுதி வைத்த நேரம் இரவு 10.45. திருப்பி வந்த குறிப்பை எடுத்து விரித்தேன். கம்பியூட்டரில் எடுத்த அச்சு, இரண்டு பக்கம், மேலே பிள்ளையார் படம். மீன லக்னம். செவ்வாய் துலாத்தில். மீனத்திலிருந்து எண்ணினால் துலாம் எட்டு. மாப்பிள்ளை வீட்டார் சொன்னது அந்தத் தாளின்படி சரிதான்.

அந்தத் தாளை அப்படியே நம்பி, விதிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். துலாம் செவ்வாய்க்குச் சொந்த வீடும் இல்லை, உச்சமும் இல்லை. எட்டுக்குச் சொன்ன தனுசு, மீனத்திலும் இல்லை. லக்னம் கடகமோ சிம்மமோ இல்லை. ராசி விதியும் லக்ன விதியும் கைகொடுக்கவில்லை. குரு மேஷத்தில். மேஷத்துக்கு நேர் ஏழு துலாம். குருவும் ஏறக்குறைய எட்டாம் பாகை, செவ்வாயும் ஏறக்குறைய எட்டாம் பாகை. பாகைக்குப் பாகை நேர்ப் பார்வை. இதை விடச் சுத்தமான குரு பார்வை கிடைப்பது அரிது. ஆனால் அதே மேஷத்தில் சனியும் நிற்கிறது, நீசமாக. சனியும் தன் ஏழாம் பார்வையால் அதே செவ்வாயைப் பார்க்கிறது. இங்கேதான் இரண்டு சாத்திரியார் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒருவர், குரு பார்த்துவிட்டது, நிவர்த்தி, முடிந்தது என்பார். மற்றவர், குரு நீசச் சனியோடு கூடி நிற்கிறது, அந்தப் பார்வைக்குப் பலம் குறைவு, சனி பார்வை செவ்வாயின் கெடுதலைக் கூட்டிவிடும் என்பார். நான் முதல் ஆளின் பக்கம். சனி, குருவை விட்டும் செவ்வாயின் நேரை விட்டும் பன்னிரண்டு பாகைக்கு மேல் தள்ளி நிற்கிறது. குரு மீன லக்னத்துக்கு அதிபதி, நட்பு வீட்டில் நிற்கிறது, பார்வையோ பாகை பிசகாதது.

தசையையும் பார்த்தேன். பிள்ளை ரோகிணி. சந்திர தசையில் பிறந்திருக்கிறாள், அதில் ஒன்றிரண்டு வருடம்தான் மிச்சம். அடுத்து வந்த ஏழு வருடச் செவ்வாய் தசை அவள் மூன்றாம், நாலாம் வகுப்பு படிக்கும்போதே முடிந்துவிட்டது. கலியாண வயதில் இன்னொரு முறை வரப்போவதில்லை. செவ்வாய் எங்கே நின்றாலும் தன் தசையிலோ புத்தியிலோதான் பெரிதாகப் பேசும் என்பதை ஒப்புக்கொள்ளாத சாத்திரியார் இல்லை. ஆனாலும் கலியாணக் குறிப்பில் செவ்வாய் இருக்கும் வீட்டைப் பார்க்கும் அவசரத்தில் தசையிருப்பைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் அந்தத் தாள் சரி என்று வைத்துச் செய்த கணக்கு. லக்ன பாகையைப் பார்த்தபோதுதான் எனக்குள் இடித்தது. மீனம் மூன்றரைப் பாகை. ராசி தொடங்கி கால் மணித்தியாலம்தான் ஆகியிருக்கிறது. இரண்டு ராசி சேரும் சந்திக்கு இவ்வளவு பக்கத்தில் லக்னம் விழுந்தால் முதல் வேலை, நேரத்தைச் சரிபார்ப்பது. 1999இல் இலங்கையில் பிறந்த பிள்ளை என்றால் அந்த வேலை இரட்டிப்பு.

ஏனென்றால் இந்த நாட்டின் கடிகாரம் 1996இல் மாறியது. இளம் ஆட்களுக்கு இது நினைவில் இருக்காது. அதுவரைக்கும் இந்தியாவோடு ஒத்த, கிறீன்விச் நேரத்துக்கு +5:30. 1996 மே 25இல் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி +6:30 ஆக்கினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்து +6:00 என்று வைத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல் மறுபடி பழைய +5:30. ஆக ஒன்பதரை வருடம் நம் சுவர்க் கடிகாரம் பழைய நேரத்தை விட அரை மணித்தியாலம் முன்னே ஓடியது. அதற்கு முந்திய ஐந்து மாதம் ஒரு மணித்தியாலம். அந்தக் காலத்தில் பிறந்தவர்கள்தான் இன்றைக்குக் கலியாண வயதில் இருக்கிறார்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். அன்று இரவு மட்டக்களப்பில் மீன லக்னம் தொடங்கியது பழைய நேரத்தில் 10.29க்கு. அரசாங்கக் கடிகாரத்தில் அது 10.59. பிள்ளை பிறந்தது அரசாங்கக் கடிகாரத்தில் 10.45. அதாவது பழைய நேரம் 10.15. மீனம் உதிக்க இன்னும் பதினாலு நிமிடம் இருந்தது. லக்னம் மீனம் இல்லை, கும்பம். கும்பத்திலிருந்து எண்ணினால் துலாம் ஒன்பது. ஒன்பதில் செவ்வாய்க்குக் குற்றம் கிடையாது. சந்திரன் ரிஷபத்தில், அங்கேயிருந்து துலாம் ஆறு. சுக்கிரன் சிம்மத்தில், அங்கேயிருந்து மூன்று. மூன்று வழியிலும் குற்றம் இல்லை. முன்பு சொன்ன அந்த இருபது பேரில் இவளும் ஒருத்தி.

பிழை எங்கே நடந்தது என்று தேடிப் போனோம். குறிப்பை அச்சடித்துக் கொடுத்த இடத்தில் கம்பியூட்டரில் நேர வலயம் +5:30 என்று நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார்கள். இன்றைய பிள்ளைக்கு அது சரி. 1999இல் பிறந்த பிள்ளைக்கும் அதே எண்ணில் ஓடியிருக்கிறது. அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது தங்கள் வீட்டுக் குறிப்பில் அரை மணித்தியாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த வருடங்களில் வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை அரசாங்கக் கட்டுப்பாடு, அந்தப் பக்கம் படுவான்கரையில் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாடு. 1996 நேர மாற்றத்தைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்களின் பகுதியில் பழைய நேரம்தான் ஓடியது. மண்முனைத்துறையில் பாலம் வருமுன் படகில் அக்கரைக்குப் போனவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். இறங்கியதும் கையில் கட்டிய மணிக்கூட்டை அரை மணி பின்னே திருப்பியவர்களும் உண்டு, திருப்பாமல் மனக்கணக்குப் போட்டவர்களும் உண்டு.

அப்படியென்றால் அதே சனிக்கிழமை இரவு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு வீட்டில், பழைய நேரம் காட்டும் சுவர்க் கடிகாரத்தில் 10.45க்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால்? அந்தப் பிள்ளைக்கு மீன லக்னம் சரி. எட்டில் செவ்வாய் சரி. குரு பார்வையை வைத்துத்தான் அந்தக் குறிப்பைத் தீர்மானிக்க வேண்டும். வாவியின் இரண்டு கரையிலும் கொப்பியில் எழுதிய நேரம் 10.45, ஆனால் நடுவில் அரை மணித்தியாலம் இருக்கிறது. ஒன்று கும்பம், மற்றது மீனம். இப்போது நல்ல மென்பொருட்கள் சில, இலங்கை என்று ஊரைக் கொடுத்தால் 1999க்குத் தானாகவே +6:00 எடுக்கும். நகரத்தில் பிறந்த பிள்ளைக்கு அது மருந்து. படுவான்கரையில் பழைய நேரத்தில் குறித்த பிள்ளைக்கு அதுவே புதுப் பிழை. அந்தப் பிள்ளையைக் கும்பம் என்று காட்டி, இருக்கிற குற்றத்தை இல்லை என்று சொல்லிவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மணிக்குப் பிறந்தது என்பது மட்டும் இல்லை. எந்தக் கடிகாரத்தில் பார்த்தது, யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்றும் கேட்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவரிலா, மருத்துவிச்சியின் கை மணிக்கூட்டிலா, அக்கம்பக்கத்தில் ஓடிய றேடியோவின் செய்தி நேரத்தை வைத்தா? தாயிடம் நேரம் கேட்டால் கொப்பியில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்வாள். "அப்ப என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேட்டால் வேறு விதமாக நினைவு வரும். விடியற்காலைப் பிறப்பு என்றால் வெளிச்சம் வந்ததா என்று கேட்டாலே பாதி வேலை முடியும். சூரியன் எந்த அரசாங்கத்தின் நேரத்தையும் கேட்டு உதிப்பதில்லை. ஜூலையில் மட்டக்களப்பில் பழைய நேரப்படி ஆறு மணிக்குச் சற்று முன்னும், +6:00 கடிகாரத்தில் ஆறு இருபதைத் தாண்டியும் உதிக்கும். இருட்டில் பிறந்ததா, வெயில் பட்டபின் பிறந்ததா என்பது அந்தக் கடிகாரம் எது என்று காட்டிக்கொடுக்கும்.

அக்காவிடமும் இப்படித்தான் கேட்டேன். "ஆஸ்பத்திரியில மேசைக்கு மேல இருந்த மணிக்கூடு, தம்பி. நேர்ஸ் பிள்ளை அதைப் பார்த்துத்தான் சத்தமாச் சொன்னவ" என்றாள். நகரத்து ஆஸ்பத்திரி, அரசாங்க நேரம். அதில் சந்தேகம் இல்லை. சந்திக்கு இருப்பது பதினாலு நிமிடம். மணிக்கூடு ஐந்து நிமிடம் முன்பின்னாக ஓடியிருந்தாலும், நேர்ஸ் சொன்னது பிள்ளை வெளியே வந்த நேரமா, அழுத நேரமா என்று இரண்டு நிமிடம் இழுத்தாலும் லக்னம் கும்பத்தை விட்டு நகராது. நாலு நிமிடம்தான் இடைவெளி என்றிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். வாக்கியப் பஞ்சாங்கத்தில் பார்ப்பவருக்கும் திருக்கணிதத்தில் பார்ப்பவருக்கும் ராசி எல்லையில் கொஞ்சம் வித்தியாசம் வரும். அந்த மாதிரி இடத்தில் இரண்டு லக்னத்துக்கும் பலன் எழுதி, பிள்ளையின் வாழ்க்கையில் நடந்ததோடு ஒப்பிட்டுத்தான் ஒன்றைத் தேர வேண்டும்.

இதற்குள் அக்கா சும்மா இருக்கவில்லை. முதல் சம்பந்தம் போனதும், செவ்வாய்க்குச் செவ்வாய் என்று தேடி இன்னொரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்திருந்தாள். களுவாஞ்சிகுடிப் பக்கம், ஆசிரியர். செவ்வாய்க்கிழமைதோறும் விரதம் பிடித்து, சித்தாண்டி முருகன் கோயிலுக்கும் மண்டூருக்கும் நேர்த்தி வைத்திருந்தாள். செவ்வாய்க்கு அதிதேவதை முருகன், அந்த நேர்த்தியில் ஒரு குறையும் இல்லை. மனதுக்கு அது தரும் தைரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பரிகாரம் செய்தால் குறிப்பில் லக்னம் மாறாது. பரிகாரத்துக்கு முன் கணக்கைச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

குறிப்பு சுத்தம் என்று நான் சொன்னதும் அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, புதுப் பயம். "அப்ப அந்தப் பெடியனுக்குக் குற்றம் இருக்கே. இப்ப சமம் இல்லையே?" நியாயமான கேள்வி. பெடியனின் குறிப்பை எடுத்தோம். 1996 ஜனவரி பிற்பகுதி, நள்ளிரவை ஒட்டிய நேரம். கடிகாரம் மாறுவதற்கு நாலு மாதம் முன், அதனால் நேரத்தில் குழப்பம் இல்லை. துலாம் லக்னம், செவ்வாய் மகரத்தில், அதாவது நாலில். சுக்கிரன் கும்பத்தில், அங்கேயிருந்து எண்ணினால் பன்னிரண்டில். இரண்டு இடத்தில் குற்றம் என்று அவர்கள் பயந்து, கிரகபாவம் அதிகம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் மகரம் செவ்வாய்க்கு உச்சம். லக்னத்திலிருந்து வந்தாலும் சுக்கிரனிலிருந்து வந்தாலும் நிற்கும் ராசி ஒன்றுதானே. உச்சச் செவ்வாய்க்குக் குற்றம் இல்லை என்ற ஒரே விதியில் இரண்டும் அடிபட்டுப் போகின்றன. சூரியனோடு நெருங்கி அஸ்தமனமாகவும் இருந்தது. ஆனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. உச்சமே போதும்.

இரண்டு குறிப்பையும் எடுத்துக்கொண்டு ஆரையம்பதியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு சாத்திரியாரிடம் போனோம். எழுபது தாண்டியவர். நான் சொன்னதை ஏற்காமல், தானே பஞ்சாங்கத்தை எடுத்து, விரல் கணுவில் எண்ணி, ஒரு மணித்தியாலம் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "புள்ள, இது எந்த ஆஸ்பத்திரி?" என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்வியை முதலே யாராவது கேட்டிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். அக்கா பதில் சொன்னதும், பழைய அச்சுத் தாளைக் குறுக்கே கோடு போட்டு வைத்துவிட்டு, புதுக் கொப்பியில் பேனாவால் கட்டம் கீறினார். கும்பத்தில் லக்னம் என்று எழுதி, துலாத்தில் செவ்வாயைப் போட்டார். பிறந்த நேரம் எழுதும் இடத்தில் ஒரு வரிக்கு இரண்டு வரி எழுதினார்: அரசாங்க நேரம் இரவு 10.45, பழைய நேரம் இரவு 10.15.